கலைச்சொல்: சுண்ணாம்பு கலந்த களிமண்ணின் ‘மெல்லோயிங்’ காலத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

மாலதி, கோலாலம்பூர்

வணக்கம். சாலை அடிமண்ணை உறுதிப்படுத்துவது பற்றித் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதுகிறேன். ஓரிடத்தில் சொல் சிக்கவில்லை. களிமண்ணில் சுண்ணாம்பை முதல் தடவை கலந்ததும் உடனே ரோலர் ஓட்டுவதில்லை. 1 முதல் 4 நாள் விட்டுவைத்து, மறுபடி கலந்து, பிறகுதான் இறுக்குகிறோம். அந்த இடைவெளிதான் ‘மெல்லோயிங்’. இறுக்கிய பிறகு செய்யும் ‘கியூரிங்’குக்கு நீராற்றல் என்ற சொல் இருக்கிறது. இதற்கு?

பாஸ்கரன், பினாங்கு

தனிச்சொல் எதற்கு அக்கா? இரண்டிலும் ஈரம் காயாமல் பார்க்கிறோம், இரண்டிலும் காத்திருக்கிறோம். முதல் நீராற்றல், இரண்டாம் நீராற்றல் என்று போட்டால் முடிந்தது.

கதிரேசன், கோலாலம்பூர்

ஈரம் வேண்டும் என்று தம்பி சொல்வது சரி. காய்ந்துபோனால் இரண்டு வேலையும் நின்றுவிடும். ஆனால் நோக்கம் நேர் எதிர். நீராற்றலில் மண் இறுக வேண்டும். இந்த இடைவெளியில் மண் தளர வேண்டும். சுண்ணாம்பின் கால்சியம் களித்துகள்களைச் சின்னச் சின்னக் கொத்துகளாகச் சேர்க்கிறது, பிசுபிசுப்பு போகிறது. முதல் நாள் மண்வெட்டியில் அப்பிக்கொண்ட கட்டி, மூன்றாம் நாள் விரலால் அழுத்தினாலே பொலபொலவென்று உதிரும். ‘முதல் நீராற்றல்’ என்று கையேட்டில் படித்த மேற்பார்வையாளர், கலந்த அன்றே முழுவதும் இறுக்கிவிட்டுத் தண்ணீர் தெளிப்பார். உள்ளே முட்டையளவு களிக்கட்டிகள் சுண்ணாம்பே படாமல் தங்கும். மழைக்காலத்தில் அங்கேதான் சாலை அமுங்கும்.

மறுகலவைக்குப் பின் சல்லடையில் பார்க்க வேண்டும். கல் நீங்கலாக எல்லாமே 25 மி.மீ. கண்ணில் இறங்க வேண்டும், 60 விழுக்காடாவது 4.75 மி.மீ. கண்ணில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

ராமு, பினாங்கு

பழைய வீட்டுச் சுவர்ப்பூச்சைப் பற்றியா கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டைப் பழுதுபார்த்தபோது கொத்தனார் சுண்ணாம்பைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்தார். ‘ஊறல்’ என்றுதான் சொன்னார்.

மாலதி

நான் கேட்டது சாலை மண் ஐயா. அங்கே சுண்ணாம்பு மட்டும் ஊறுகிறது, இங்கே மண்ணுக்குள் சுண்ணாம்பு ஊறுகிறது. ஆனாலும் நல்ல சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள். ‘ஊறுகாலம்’ என்று வைக்கலாமா?

பாஸ்கரன்

ஊறு என்றால் கெடுதல் என்றும் பொருள் இருக்கிறதே?

கதிரேசன்

ஊறுகாயை யாரும் கெடுதல் தரும் காய் என்று படிப்பதில்லை தம்பி. எனக்கு ஊறுகாலம் பிடித்திருக்கிறது. அது முடிந்ததற்கான அடையாளத்துக்கு ‘உதிர்பதம்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். நாள் கணக்கைவிடப் பதம் முக்கியம்.

எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பதற்குக் கையேட்டில் ஒரு கணக்கும் போடுங்கள். எடுத்துக்காட்டாக, 25 கிராம் மண்ணில் 100 மி.லி. நீர் விட்டு, வெவ்வேறு அளவு சுண்ணாம்போடு ஒரு மணி நேரம் விட்டுவிட்டுக் குலுக்கிப் பார்த்ததில் 3 விழுக்காட்டில் பி.எச். 12.1, 4-இல் 12.4, 5-இலும் 12.4 என்று வைத்துக்கொள்வோம். 12.4-ஐத் தொடும் முதல் அளவு 4. களத்தில் காற்றில் போவது, சமமாகப் பரவாதது இரண்டுக்கும் 1 கூட்டி 5. நம்மூர்ச் செம்மண் போல வெகுவாகச் சிதைந்த மண்ணில் பி.எச். எட்டினாலும் வலு வராமல் போகலாம். அதனால் அந்த அளவில் கட்டி வார்த்து அழுத்திப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 250 மி.மீ. அடுக்கு, உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1,600 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 0.25 × 1,600 × 0.05 = 20 கிலோ. ஒரு சதுர மீட்டர் தட்டைத் தரையில் வைத்து, பரப்பும் வண்டி கடந்ததும் எடையைப் பாருங்கள். 20 இல்லாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

பாஸ்கரன்

சிமெண்டு கலந்தாலும் இதே ஊறுகாலம் விடலாமா?

கதிரேசன்

விடவே கூடாது. சிமெண்டு நீரைத் தொட்டதுமே இறுகத் தொடங்கும். கலந்து 2 மணி நேரத்துக்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். தாமதித்தால் பாதி இறுகியதை உடைத்து அமுக்குவோம், அது மறுபடி ஒட்டாது. பிசுபிசுப்பான களியில் இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சுண்ணாம்பு, ஊறுகாலம், உதிர்பதம் வந்த பிறகு சிமெண்டு.

மாலதி

அப்படியானால் ஊறுகாலம் சுண்ணாம்புக்கு மட்டுமே என்று வரையறையிலேயே எழுதிவிடுகிறேன். இந்த நாள்களில் மாலை மழை வந்தால்?

கதிரேசன்

கலந்ததும் ரோலரை மேலாக ஒருமுறை ஓட்டி மேற்பரப்பை மூடுங்கள். நீர் உள்ளே இறங்காது, காற்றும் அதிகம் புகாது. திறந்தே கிடந்தால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணக்கல்லாகிச் செத்துவிடும். ஐயமிருந்தால் தோண்டி ஃபீனால்ப்தலீன் தெளியுங்கள். இளஞ்சிவப்பு வந்தால் உயிர் இருக்கிறது, நிறமே மாறாவிட்டால் இல்லை.

மாலதி

கடலோரக் களியில் சல்ஃபேட் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் விடச் சொல்கிறார்களே. வீங்குவதெல்லாம் இறுக்கும் முன்பே வீங்கி முடியட்டும் என்பது காரணம். அங்கே நோக்கம் உதிர்வது அல்ல, வீங்கித் தீர்வது. அதையும் ஊறுகாலம் என்றே எழுதலாமா, வேறு பெயர் வேண்டுமா?

கதிரேசன்

எனக்கும் அது பிடிபடவில்லை. சுண்ணாம்பும் சல்ஃபேட்டும் சேர்ந்து வீங்கினால் மேல்தளமே தூக்கிக்கொள்ளும் என்பதால், இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கத் தயக்கமாக இருக்கிறது. இப்போதைக்கு ‘நீள் ஊறுகாலம்’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.