எரிபொருள் அட்டை தொடர்பான விளக்கம் கோரும் கடிதம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அவரிடம் உள்ள வேனின் டேங்க் 45 லிட்டர்தான் கொள்ளும். ஆனால் அவருடைய எரிபொருள் அட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரே தடவையில் 58 லிட்டர் டீசல் போட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அதே நேரத்தில் வேன் எங்கள் வளாகத்திலேயே நின்றதாக ஜிபிஎஸ் காட்டுகிறது.

கணக்கு இப்படி இருந்தாலும், அவர்மீது பழி சுமத்தும் கடிதமாக அது அமைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அட்டையை வேறொருவர் வாங்கிப் பயன்படுத்தியிருக்கலாம். மேற்பார்வையாளர் சொல்லி இன்னொரு வண்டிக்கோ ஜெனரேட்டருக்கோ போட்டிருக்கலாம். ஆகவே "முறைகேடு செய்தீர்கள்" என்ற வாசகத்தை நீக்கிவிட்டு இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: "கீழ்க்காணும் பதிவு வண்டியின் கொள்ளளவுக்கும் இருப்பிடத்துக்கும் பொருந்தவில்லை. அப்போது அட்டை யாரிடம் இருந்தது, எந்த வண்டிக்கு எரிபொருள் நிரப்பப்பட்டது, யார் அனுமதித்தார்கள் என்பதை ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

அட்டைப் பதிவின் நகலை இணைக்கிறேன். ஜிபிஎஸ் பதிவையும் இப்போதே இணைப்பதா, அவருடைய பதில் வந்தபின் காட்டுவதா என்பதில்தான் தயங்குகிறேன். முழு ஆதாரத்தையும் பார்க்காமல் அவர் பதில் எழுதுவது நியாயமாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. மேலாளரோ முன்கூட்டியே காட்டினால் அதற்கேற்பப் பதில் தயாராகிவிடும் என்கிறார். இத்தகைய கடிதங்களைக் கையாண்டவர்கள் எது சரியென்று சொல்லுங்கள். பதில் வரும்வரை அட்டையை முடக்கி வைப்பதைத் தண்டனையாகத் தொனிக்காமல் எப்படி எழுதுவது என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.