"வேண்டாம்" என்றவரின் எண் மறுபடி பட்டியலுக்கு வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

கும்பகோணத்தில் எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. டோர் டெலிவரிக்காக வாங்கும் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் பில்லிங் கணினியில் ஏறுகின்றன. மாதக் கடைசியில் அதை எக்செல்லாக எடுத்து, சலுகைச் செய்தியை வாட்ஸ்அப் பிசினஸில் அனுப்புகிறோம்.

சிக்கல் இதுதான்: "இனி அனுப்பாதீங்க" என்றவரின் எண்ணை எக்செல்லில் அழித்தாலும், அவர் அடுத்த முறை அரிசி வாங்கியதும் பில் வழியாகத் திரும்ப வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு அம்மா கடைக்கே வந்து சத்தம் போட்டார். நியாயம்தான். டெலிவரிக்குக் கொடுத்த எண் விளம்பரத்துக்குக் கொடுத்த சம்மதம் ஆகாதே. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் தருவது எவ்வளவு சுலபமோ அதே அளவு திரும்பப் பெறுவதும் சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது.

இதுவரை செய்து பார்த்தவை: பில்லிங்கில் எண்ணை நீக்கினோம், டெலிவரிப் பையன் வழி கேட்கக் கூப்பிட முடியவில்லை. "செய்தி: ஆம்/இல்லை" என்று பில்லிங்கில் தனிக் கட்டம் சேர்த்தோம், மென்பொருள் அதை எக்செல்லுக்கு அனுப்புவதில்லை. முகவரிகளை டெலிவரி வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் நிறுத்தி, சீட்டில் எழுதிக் கொடுத்து மாலையில் கிழித்துவிடுகிறோம். அது சரியாக நடக்கிறது.

இப்போது தோன்றும் வழி, மறுத்தவர்களின் எண்களை மட்டும் தனிக் கோப்பில் வைத்து, அனுப்பும் முன் ஒப்பிட்டு நீக்குவது. இப்படிச் செய்யும் கடைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அந்த மறுப்புக் கோப்பில் எண்ணைத் தவிர வேறு எதையெல்லாம் வைக்கிறீர்கள்?