பஞ்சாங்கத்தை எக்செல்லில் ஏற்றியவர்களே, உங்களுக்கும் திதி காணாமல் போனதா?

ரோஸ் ஹில்காரன்

கோயில் கதவில் ஒட்டுவதற்காகச் சென்னைப் பஞ்சாங்கத்தைத் தேதிக்கு ஒரு வரிசையாகத் தட்டினேன். திதி முடியும் நேரத்தை மொரிஷியஸ் நேரமாக்கி, நம் சூரிய உதயத்தில் எந்தத் திதி நிற்கிறதோ அதை அன்றைய திதியாகப் போடச் சொன்னேன். தை மாதத் தாளை ஒட்டி ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஒரு பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாளில் விரல் வைத்து வரிவரியாக இறங்கினார். "தம்பி, பஞ்சமி இருக்கு, அடுத்து சப்தமி இருக்கு. நான் விரதம் பிடிக்கிற சஷ்டிய எங்கப்பா விட்ட?"

புத்தகத்தில் சஷ்டி இருக்கிறது. உதயத்திலிருந்து நாழிகை, விநாழிகைக் கணக்கில் முதல் நாள் பஞ்சமி 5.10 வரை, மறுநாள் சஷ்டி 0.40 வரை. இரண்டு நாளும் சென்னை உதயம் 6.35. A-யில் தேதி, B-யில் சென்னை உதயம், C-யில் அந்த நாழிகை. என் சூத்திரம் இது:

```
=A2+B2+(LEFT(C2,FIND(".",C2)-1)*24+MID(C2,FIND(".",C2)+1,2)*0.4)/1440-1.5/24
```

பழைய வாத்தியார்

இது வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை, வேறொன்றுமில்லை. இரண்டுக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். திருக்கணிதம் வாங்குங்கள்.

டர்பன் அண்ணன்

ஐயா, வித்தியாசம் வருவது உண்மைதான். ஆனால் இங்கே ஒரே புத்தகத்தில்தானே பார்க்கிறார்? நான் கையால் போட்டுப் பார்த்தேன். 5 நாழிகை 2 மணி நேரம், 10 விநாழிகை 4 நிமிடம். பஞ்சமி முடிவது இந்திய நேரம் 8.39, உங்களுக்கு 7.09. மறுநாள் 40 விநாழிகை என்றால் 16 நிமிடம். சஷ்டி முடிவது இந்திய நேரம் 6.51, உங்களுக்கு 5.21. அந்த வாரம் உங்கள் உதயம் எத்தனை மணி?

ரோஸ் ஹில்காரன்

5.44.

டர்பன் அண்ணன்

அப்போது கணக்கு சரி. முதல் நாள் உதயத்துக்கு அப்புறம் சஷ்டி தொடங்கி, மறுநாள் உதயத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எந்த உதயத்தையும் தொடாத திதிக்குத் தேதி வரிசையில் இடமே கிடையாது. திதி முடிவது உலகம் முழுவதும் ஒரே கணம், உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. சென்னைக்காரருக்கு அந்தச் சஷ்டி உதயத்துக்குப் பின் 16 நிமிடம் மிஞ்சியதால் ஒரு நாள் கிடைத்தது.

ஆனாலும் C நெடுவரிசையைப் பாருங்கள். 0.40 என்று அடித்தால் எக்செல் அதை 0.4 ஆக்கிவிடும், உங்கள் சூத்திரம் 4 விநாழிகை என்று படிக்கும். இந்தச் சஷ்டிக்கு அதனால் கேடில்லை. உதயத்தை ஒட்டி முடியும் இன்னொரு திதியில் நாளே மாறும். தட்டும் முன்பே நெடுவரிசையை Text ஆக்குங்கள்.

ரோஸ் ஹில்காரன்

பார்த்தேன், 0.4 என்றுதான் நிற்கிறது. ஏற்கெனவே அடித்ததை Text ஆக்கினாலும் பூஜ்யம் திரும்பவில்லை. மூன்று மாதத்தையும் மறுபடி அடிக்க வேண்டும்.

ரெயூனியோன் மருமகள்

எனக்கு வேறு கதை. மாமனார் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாழிகைக்கும் விநாழிகைக்கும் நடுவில் கோடு போட்டேன். 4-12 அடித்ததும் 04-déc என்று வந்தது. மாமனார் எட்டிப் பார்த்து, "தை மாசத்துல டிசம்பர் எங்கம்மா வந்துச்சு?" என்றார். இன்றைக்கும் விருந்தாளி வந்தால் சொல்லிக் காட்டுகிறார்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். உதயத்துக்குப் பக்கத்தில் முந்தின நாளோடு கழிக்கிற ஒரு நெடுவரிசை வையுங்கள். நம் தீவுகளில் உதயம் ஒரு நாளில் ஒரு நிமிடத்துக்கு மேல் நகராது. 5.44க்கு அடுத்து 5.54 வந்தால் விரல் தப்பியிருக்கிறது. திதிக்கும் அப்படியே, ஒரு முடிவிலிருந்து அடுத்த முடிவு சுமார் 20 மணிக்குக் கீழேயோ 27 மணிக்கு மேலேயோ போகாது. உங்கள் சஷ்டி 22 மணி 12 நிமிடம், பொருந்துகிறது. என் தாளில் ஒரு அஷ்டமி 46 மணி நேரம் ஓடியது. பார்த்தால் நடுவில் ஒரு வரியையே தாண்டியிருக்கிறேன். கிழமை நெடுவரிசையையும் விடாமல் அடியுங்கள், அதை WEEKDAY வைத்துச் சரிபார்க்கலாம். எங்கள் புத்தகத்தில் மாதத் தலைப்பு பக்கத்தின் நடுவில் வந்தது, அங்கேதான் தமிழ்த் தேதி ஒன்று தள்ளிப் போய்...

பழைய வாத்தியார்

சரி, பாட்டி எந்த நாள் விரதம் இருக்க வேண்டும்? அதை யாரும் சொல்லவில்லையே.

டர்பன் அண்ணன்

அதை எக்செல் சொல்லாது. முதல் நாள் காலை 7.09 முதல் இரவு முழுக்கச் சஷ்டிதான், நானாக இருந்தால் அன்றைக்கு என்பேன். குருக்களைக் கேளுங்கள். தாளைப் பொறுத்தவரை, திதிக்கு ஒரு வரிசை வைத்துத் தொடக்கமும் முடிவும் எழுதிய இரண்டாவது ஷீட் வேண்டும். தேதி ஷீட் அதிலிருந்து எடுக்கட்டும், அன்றைய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவில் தொடங்கி முடிவது இருந்தால் தனிக் கட்டத்தில் காட்டட்டும்.

ரோஸ் ஹில்காரன்

குருக்களும் முதல் நாள்தான் என்றார். பாட்டி ஊரில் தங்கையிடம் கேட்டு மறுநாள் இருந்துவிட்டார்.

பழைய வாத்தியார்

தங்கை வீட்டில் வாக்கியமாகத்தான் இருக்கும்.