ஜஅஃபர் (ரலி) பற்றிய பயானும் 786 பலகையும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பிரியாணிக்கடை, ரங்கூன்

அஸ்ஸலாமு அலைக்கும். 2013 மார்ச்சில் நம் பர்மாவின் மெய்க்தீலா ஊர் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்த பிறகு வந்த ஒரு ஜும்ஆவில் எங்கள் ஹஜ்ரத் குத்பாவுக்கு முன்னால் தமிழில் ஒரு பயான் செய்தார். பயப்படாதீர்கள், அல்லாஹ் இருக்கிறான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கவில்லை. மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த நபித்தோழர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப், அந்நாட்டின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி முன்னால் எந்த வரிசையில் பேசினார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தஞ்சம் புகுந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க மக்காவிலிருந்து அம்ர் இப்னுல் ஆஸ் தோல் சாமான்களை அன்பளிப்பாக எடுத்துக்கொண்டு வருகிறார். மன்னரைப் பார்க்கும் முன்பே பாதிரிமார்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து அவர்கள் வாயை அடைத்து வைக்கிறார். அதாவது தீர்ப்பு பாதி எழுதியாகிவிட்ட சபையில்தான் ஜஅஃபர் எழுந்து நிற்கிறார். அவர் எடுத்த எடுப்பில் எதிராளியைத் திட்டவில்லை. தங்கள் பழைய நிலையைச் சொல்கிறார்: செத்ததைத் தின்றோம், உறவை முறித்தோம், அண்டை வீட்டாரிடம் கெட்டபடி நடந்தோம், எங்களில் பலசாலி பலவீனனைத் தின்றான். அப்புறம் நபி எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்கிறார்: உண்மை பேசு, அமானிதத்தைத் திருப்பிக் கொடு, அண்டை வீட்டாரிடம் நன்றாக நட, அநாதையின் சொத்தைத் தொடாதே. கடைசியில், உங்கள் நாட்டில் எங்களுக்கு அநீதி நடக்காது என்று நம்பி வந்தோம் என்கிறார். ஹஜ்ரத் சொன்னது இதுதான்: உன்னிடம் ஒருவன் கேள்வி கேட்டால் முதலில் உன் வீட்டுக் கதையைச் சொல், அவன் வீட்டுக் குறையைச் சொல்லாதே.

அதன் பிறகு கொஞ்ச நாளில் என் கடைக்கு அந்தக் கேள்வி வந்தது. வாசலில் வாப்பா காலத்துப் பச்சைப் பலகை, நடுவில் 786. முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று சொன்ன பௌத்த இயக்கத்தின் 969 ஸ்டிக்கர் பக்கத்துக் கடைகளில் ஒட்டியிருந்த நேரம். வழக்கமாக வரும் ஒரு பர்மியப் பையன் கூட்டாளிகளோடு வந்தான். "7, 8, 6 கூட்டினால் 21. அதாவது 21-ஆம் நூற்றாண்டில் நாட்டைப் பிடிக்கத் திட்டம், அப்படித்தானே?" என்றான். கூட இருந்தவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

நான் அடுப்பை விட்டு வெளியே வந்து உட்காரச் சொன்னேன். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த எங்கள் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள்கூட இந்த எண்ணைப் பார்த்து ஹலால் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்துகொள்வார்கள் என்றேன். அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, 'அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்' என்று பொருள்படும் அரபி வாசகத்தின் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும், சாப்பாட்டுக் கடையில் இறைவன் பெயர் கண்ட இடத்தில் கிடந்து மிதிபடக் கூடாது என்று எண்ணாக எழுதினார்கள் என்றேன். "உங்கள் 969-க்கு புத்தரின் 9 குணம், தம்மத்தின் 6, சங்கத்தின் 9 என்று பொருள் இருக்கிறது. அதுபோல இதற்கு இது" என்றும் சொன்னேன். பையன் முகம் கொஞ்சம் இளகியது.

அப்போது போன் வைத்திருந்தவன் கேட்டான்: "புத்தரை நீ கும்பிடுவாயா, மாட்டாயா?" இதுதான் மாட்டிவிடும் கேள்வி. "கும்பிட மாட்டேன். நாங்கள் ஒரே இறைவனைத்தான் வணங்குகிறோம். ஆனால் அவரைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை என் வாயில் வராது, எங்கள் வேதம் அதைத் தடுக்கிறது" என்றேன். பையன் சாப்பிட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் அவன் வரவே இல்லை. வீடியோவும் எங்கும் வந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா? என்ன சொன்னீர்கள்?

மோல்மீன் பேரன்

வ அலைக்கும் ஸலாம் பாய். நீங்கள் பேசியது தைரியம்தான், ஆனால் அதை இன்று செய்யாதீர்கள். 2015-இல் வந்த மதமாற்றச் சட்டத்துக்குப் பிறகு பௌத்தரிடம் நம் மார்க்கத்தைப் பற்றிப் பேசுவதே குற்றம். எங்கள் ஊரில் யார் என்ன கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த 969 கிளம்பியதே எங்கள் ஊர்ப் பக்கம்தான், எங்களுக்குத் தெரியாதா அதன் சூடு?

மத்ரஸாவில் ஓதியவன்

தம்பி, பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் நீங்கள் சொல்வதுபோல் இல்லை. மதம் மாற விரும்புகிறவர்தான் டவுன்ஷிப் வாரியத்தில் விண்ணப்பம் போட வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். நேரில் விசாரிப்பார்கள், படித்துத் தெரிந்துகொள்ள 90 நாள் வரை வைப்பார்கள், அவரே கேட்டால் 180 வரை நீளும். வற்புறுத்தினால் தண்டனை உண்டு. ஒருவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அதில் வராது. நாம் கவனிக்க வேண்டியது பழைய தண்டனைச் சட்டத்தின் 295A, மதத்தை இழிவுபடுத்துவது. 2014-இல் புத்தர் காதில் ஹெட்போன் மாட்டிய படத்தை பாருக்கு விளம்பரமாகப் போட்ட நியூசிலாந்துக்காரர் அந்தப் பிரிவில்தான் உள்ளே போனார். அவருக்குப் பகை ஒன்றும் இல்லை, விளம்பரம்தான் செய்தார். அதனால் பாய் கடைசியில் சொன்ன வாக்கியம்தான் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் சேர்த்துச் சரியான பதில். 'அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள், அறியாமையால் அவர்கள் அல்லாஹ்வை ஏசுவார்கள்' என்ற கருத்து குர்ஆனில் அல்அன்ஆம் 108-இல் இருக்கிறது.

ஹஜ்ரத் பயானின் இரண்டாம் பாதியைப் பாய் சொல்லாமல் விட்டுவிட்டார். நானும் கேட்டேன் அதை. முதல் நாள் ஜஅஃபர் சூரத்து மர்யமின் தொடக்கத்தை ஓதினார். மன்னர் தாடி நனைய அழுதார். அங்கேயே கதை முடிந்திருந்தால் சுலபம். மறுநாள் அம்ர் திரும்ப வந்து, இவர்கள் ஈஸாவை, அதாவது இயேசுவைப் பற்றி மோசமாகப் பேசுகிறார்கள் என்று போட்டுக்கொடுத்தார். அன்று நபித்தோழர்கள் ஒன்றுகூடி என்ன சொல்வது என்று யோசித்தார்கள். அல்லாஹ் சொன்னதைத்தான் சொல்வோம், நடப்பது நடக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஜஅஃபர் சபையில் ஈஸா அல்லாஹ்வின் அடியார், தூதர் என்றார். மன்னருக்குப் பிடித்த மாதிரி திரிக்கவில்லை, அவர் நம்பிக்கையைச் சாடவும் இல்லை. மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீ சொன்னதை ஈஸா இந்தக் குச்சியளவுகூடத் தாண்டவில்லை என்றார். பாதிரிமார் முணுமுணுத்தார்கள், அன்பளிப்பு திருப்பி அனுப்பப்பட்டது.

முதல் நாள் பேச்சு நயம், இரண்டாம் நாள் பேச்சு துணிவு. 'தெரியாது' என்பது இரண்டிலும் சேராது தம்பி. கேட்டவன் வேறொருவனிடம் போய் அந்த 21 கணக்கைக் கேட்டு நம்பிவிடுவான்.

தட்டோன் உம்மா

எங்கள் ஊரில் பெண்கள் ஜும்ஆவுக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் சோறு போடும்போது பாதி காதில் விழுந்தது. ஆனால் கேள்வி முதலில் எங்களிடம்தான் வருகிறது. தண்ணீர்க் குழாயில், பள்ளிக்கூட வாசலில். பக்கத்து வீட்டு பர்மியக்கா ஒரு நாள் கேட்டாள்: "எங்கள் பெண்ணைக் கட்டினால் உங்களுக்குக் காசு தருவார்களாமே?" எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அக்கா, என் மகனுக்குக் கல்யாணம் பேசி அலைகிறேன், அந்தக் காசு எங்கே தருகிறார்கள் சொல்லுங்கள், நானும் போய் வாங்குகிறேன்" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். பிக்குகளுக்குத் துவராடை கொடுக்கும் அடுத்த கத்தின மாதத்தில் வழக்கம்போல அவர்கள் வீட்டுக்குச் சமையல் பாத்திரம் கொடுத்தேன். இது பயானில் வந்த மாதிரி பேச்சா என்று தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை

786 என்று எழுதுவதே மார்க்கத்தில் இல்லாத ஒன்று. நபி (ஸல்) காலத்தில் யாரும் எழுதவில்லை. பிஸ்மில்லாஹ்வுக்குப் பதில் எண் போடக் கூடாது என்று ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள். பலகையைக் கழற்றினால் பிரச்சினையும் தீரும்.

பிரியாணிக்கடை, ரங்கூன்

காக்கா, நான் கேட்டது அது இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். மார்க்கக் காரணத்துக்காக மற்ற நாளில் கழற்றியிருப்பேன். 2013-இல் கழற்றினால் அந்த 21 கணக்கு உண்மை என்று தெரு முழுக்க நினைக்கும்.

மாந்தளைக்காரன்

எல்லாரும் ஜஅஃபரைப் பேசுகிறீர்கள், நஜ்ஜாஷி எங்கே? 2014 ஜூலையில் எங்கள் ஊரில் ஒரு டீக்கடைக்காரரைப் பற்றிப் பேஸ்புக்கில் பொய்ப் புகார் பரவியது. கூட்டம் தெருவுக்கு வந்தது, இரண்டு உயிர் போனது, ஊரடங்கு போட்டார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் போய் உட்கார் தம்பி, டீ சாப்பிடு என்று சொல்ல முடியுமா? ஜஅஃபருக்கு நியாயமான மன்னர் இருந்தார், நடுவில் ஒரு கடலும் இருந்தது. நாம் பிறந்ததே இங்கே. எங்கே ஓடுவது?

மத்ரஸாவில் ஓதியவன்

நியாயமான கேள்வி. ஹஜ்ரத்தின் பயானில் அந்த இடம் பலவீனம் என்று அன்றே எனக்குப் பட்டது. கேள்வி கேட்க வருபவன் வேறு, கல்லோடு வருபவன் வேறு. முதலாவதுக்குத்தான் ஜஅஃபர் உதாரணம். இரண்டாவதுக்கு மக்காவில் தங்கிவிட்டவர்களைப் பார்க்க வேண்டும். இப்னு மஸ்ஊத் கஅபா அருகே சூரத்துர் ரஹ்மானைச் சத்தமாக ஓதி முகம் வீங்க அடி வாங்கினார். திரும்பி வந்து, நாளைக்கும் போய் ஓதட்டுமா என்று கேட்டார். தோழர்கள் போதும் என்று நிறுத்தினார்கள், அவர்கள் வெறுப்பதை அவர்களுக்குக் கேட்கவைத்துவிட்டீர் என்றார்கள். துணிவுள்ளவனை நிறுத்தும் வேலையும் ஜமாஅத்துடையது. ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசலால் போவதைக் கோழைத்தனம் என்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார்.

மாந்தளைக்காரன்

அதை மிம்பரில் நின்று சொல்லியிருக்கலாமே. எங்கள் பையன்கள் அன்று வாசலில் நின்றதே வீரம் என்று நினைத்து நின்றார்கள்.

மோல்மீன் பேரன்

மத்ரஸா அண்ணன் சொன்னதை யோசிக்கிறேன். ஆனால் 2021-க்குப் பிறகு இரவு தங்கும் விருந்தாளியைக்கூட வார்டு ஆபீசில் பதிய வேண்டும். இந்தக் காலத்தில் போன் கேமரா முன்னால் பேச எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் நல்லபடி நடந்தாலே சாட்சிதான் என்பது என் எண்ணம். தட்டோன் உம்மா செய்தது அதுதானே?

தட்டோன் உம்மா

இல்லை தம்பி, நான் பேசினேன். பாத்திரம் அப்புறம்தான்.

பிரியாணிக்கடை, ரங்கூன்

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பயான் தமிழில் நடந்தது. பின்வரிசையில் இருந்த பையன்களுக்கு முக்கால்வாசி புரியவில்லை, என் மகன் உட்பட. தெருவில் கேள்வி பர்மிய மொழியில்தான் வருகிறது. பதிலும் அதில்தான் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஜும்ஆ பர்மிய மொழியில் வையுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டோம். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, தமிழ் போய்விடும் என்கிறார்கள். உங்கள் பள்ளிகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?