ஏ ஸ்டார் தேடல்: பாதி செலவுக் கட்டங்கள் இருந்தால் எந்த ஹியூரிஸ்டிக்?

வணக்கம். ஏஐ லேபில் கட்ட வரைபடத்தில் ஏ ஸ்டார் எழுதுகிறேன். எட்டுத் திசையிலும் நகரலாம். நேர் அடிக்குச் செலவு 1, மூலைவிட்டத்துக்கு 1.414.

மேன்ஹாட்டன் தூரம் இங்கே ஆகாது. (0,0)-லிருந்து (3,3)-க்கு அது 6 என்கிறது. உண்மைச் செலவு 4.24 தான். ஹியூரிஸ்டிக் உண்மையைத் தாண்டினால் கிடைக்கும் பாதை குறுகியதாக இருக்கும் என்ற உறுதி போய்விடும். அதனால் ஆக்டைல் தூரம் எடுத்தேன்:

```
h = max(dx,dy) + 0.414*min(dx,dy)
```

இதுவரை சரி. இப்போது வரைபடத்தில் ஒரு சாலை சேர்கிறது. சாலைக் கட்டத்துக்குள் நுழையும் அடிக்குப் பாதிச் செலவுதான். அப்போது ஆக்டைலும் மிகை மதிப்பீடு ஆகிவிடுகிறது. முழு h-ஐயும் 0.5-ஆல் பெருக்கினால் மிகையாகாது, ஆனால் சாலையே இல்லாத பக்கத்திலும் மதிப்பு பாதியாகி, தேடல் டைக்ஸ்ட்ரா போல எல்லாப் பக்கமும் பரவுகிறது.

சாலையைத் தொடாத பாதைக்கு முழு ஆக்டைல், தொடும் பாதைக்கு அருகிலுள்ள சாலைக் கட்டம்வரை உள்ள தூரத்தை வைத்து ஒரு கீழ்வரம்பு, இரண்டில் சிறியது என்று எடுக்கலாமா? சாலைக்குள் நுழையும் கடைசி அடியின் பாதிச் செலவையும் அதில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூடிய முனைகளை என் நிரல் மறுபடி திறக்காது. எனவே இது கன்சிஸ்டென்ட் ஆகவும் இருக்குமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.