கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அடிப்பட்டைதான் முதலில் தெரிகிறது: 18 ஸ்லைடில் எதை மாற்றுவது?

கண்மாய்க்கரை:
வணக்கம். சிவகங்கைப் பக்கம் கண்மாய்களைத் தூர்வாரி, மடை சரிசெய்யும் சிறிய அமைப்பில் வேலை பார்க்கிறேன். நிதி தருபவர்களிடம் காட்ட பவர்பாயிண்டில் 18 ஸ்லைடு முடித்துவிட்டேன். அனுப்பும் முன் கண்ணைப் பாதி மூடிப் பார், அப்புறம் எல்லா ஸ்லைடையும் சிறியதாக ஒரே திரையில் பார் என்று தோழி சொன்னாள். பார்த்தேன், குழப்பம்தான் மிச்சம்.

7ஆவது ஸ்லைடைச் சொல்கிறேன். மேலே தலைப்பு. இடப்பக்கம் ஆறு கண்மாய்களின் அட்டவணை: பெயர், ஆயக்கட்டு, தூர்வாரியது, மடை, செலவு. வலப்பக்கம் ஒரு படம். கீழே அடர்பச்சைப் பட்டை, அதில் மூன்று சின்னங்கள். நான்கு கண்மாய்களில் மடை முடிந்தது, பச்சை எழுத்து. இரண்டில் பாக்கி, சிவப்பு எழுத்து. அந்த இரண்டுக்குத்தான் பணம் கேட்கிறோம்.

கண்ணைச் சுருக்கினால் அடிப்பட்டையும் அட்டவணையின் தலைவரிசையும்தான் தெரிகின்றன. சிவப்பு காணாமல் போகிறது. இது என் கண் கோளாறா, ஸ்லைடின் கோளாறா?

தினேஷ்_ஸ்லைடு:
தலைப்பு சிறியதாக இருக்கும். 44 புள்ளிக்கு ஏற்றுங்கள். கண்ணைச் சுருக்கினால் தலைப்புதான் முதலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் இந்தச் சோதனை.

வடிவக்கோடு:
தினேஷ், தலைப்பு தெரிய வேண்டும் என்பது பல ஸ்லைடுகளுக்குப் பொருந்தும். இங்கே முதலில் தெரிய வேண்டியது பாக்கியுள்ள இரண்டு வரிகள். தலைப்பை ஏற்றினால் அந்த வரிகளோடு போட்டி போட இன்னொரு ஆள் சேர்வார். தவிர, அளவு மட்டும் போதாது. மெல்லிய சாம்பல் எழுத்து 44 புள்ளியில் இருந்தாலும் கண்ணைச் சுருக்கினால் கரைந்துவிடும்.

கண்மாய்க்கரை, உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. இமையைப் பாதி மூடும்போது நுணுக்கம் போய், வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் மட்டும் மிஞ்சும். சுற்றியுள்ளதோடு எது அதிகம் வேறுபடுகிறதோ அது ஜெயிக்கும். வெள்ளைப் பின்னணியில் அடர்பச்சைப் பட்டை ஜெயிக்காமல் என்ன செய்யும்? உங்கள் சிவப்பும் பச்சையும் நிறத்தில் வேறு, அடர்த்தியில் அநேகமாக ஒன்று. அதனால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அந்த ஸ்லைடு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். ஸ்லைடை முழுத்திரையில் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். மூன்று நொடி கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், பிறகு திரும்பிக்கொண்டு, முதலில் தெரிந்த மூன்றை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், தெரிய வேண்டிய மூன்றை எழுதுங்கள். இரண்டு பட்டியலும் எங்கே மாறுகின்றனவோ அங்கேதான் வேலை. கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவர் என்றால் கழற்றினாலே போதும்.

பட்டை எல்லா ஸ்லைடிலும் வருவதால் `View > Slide Master` போய் ஒரே இடத்தில் மெல்லிய கோடாக்குங்கள். அட்டவணையில் `Banded Rows` தேர்வை எடுத்துவிடுங்கள், தலைவரிசையின் நிறத்தையும் நீக்குங்கள். பாக்கி வரிகளை அடர்த்தியாக்குவதைவிட மற்ற நான்கை வெளிறச் செய்வது நல்லது. பாக்கி வரிகளுக்கு வெளிர்மஞ்சள் பூசும் ஆசை வரும். வெள்ளை மேல் அது கண்ணைச் சுருக்கினால் நிற்காது.

முனைவர்_பாதி:
எனக்கும் இதே பிரச்சினை. வாய்மொழித் தேர்வுக்கான ஸ்லைடு, பின்வரிசையில் இருந்த பேராசிரியருக்கு எதுவும் படிக்க முடியவில்லை. நானும் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தேன், எழுத்து மங்கலாகத்தான் இருந்தது. எத்தனை புள்ளி வைத்தால் மங்காமல் தெரியும்?

வடிவக்கோடு:
அது வேறு கேள்வி. இந்தச் சோதனையில் எழுத்து மங்கத்தான் வேண்டும், படிக்க முடிகிறதா என்று இது சொல்லாது. அதற்கு அந்த அறையிலேயே போட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், முழுக்கண்ணோடு.

தினேஷ்_ஸ்லைடு:
கண்ணை நம்பாமல் `View > Grayscale` போட்டால் அடர்த்தி நேரடியாகத் தெரியுமே?

வடிவக்கோடு:
நல்ல யோசனை, ஆனால் பவர்பாயிண்டில் அந்தக் காட்சி அச்சுக்கானது. சில வடிவங்களின் நிரப்பு நிறத்தை அதுவே வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாற்றிவிடும். ஸ்லைடை PNG படமாகச் சேமித்து, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்.

கண்மாய்க்கரை:
செய்துவிட்டேன். முன்பு என் தாளில் பட்டை, தலைவரிசை, படம் என்று இருந்தது. இப்போது இரண்டு வரிகள், தலைப்பு, படம். கண்ணுக்கே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் வெளிறச் செய்த நான்கு வரிகள் அலுவலக புரொஜெக்டரில் சுத்தமாகத் தெரியவில்லை. மடிக்கணினித் திரையில் அருமையாக இருந்தது.

அப்புறம், சிறிய காட்சியில் என்ன பார்க்க வேண்டும் என்றே எனக்குப் புரியவில்லை. எல்லாம் ஸ்டாம்பு மாதிரி இருக்கின்றன.

வடிவக்கோடு:
புரொஜெக்டர் வெளிர்நிறத்தை விழுங்கும், அறை வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். சாம்பலை இரண்டு படி அடர்த்தியாக்கி, பாக்கி வரிகளைக் கறுப்பும் தடிமனுமாக வையுங்கள். அடர்த்தி வேறுபாடு குறையும், ஆனாலும் பாக்கி வரிகள்தான் முதலில் நிற்கும்.

`View > Slide Sorter` போய், கீழே வலது மூலையில் உள்ள பெரிதாக்கும் பட்டியை நகர்த்தி, வரிசைக்கு ஆறு வருமாறு வையுங்கள். 18 ஸ்லைடும் மூன்று வரிசையில் வந்துவிடும். எதையும் படிக்க முயலாதீர்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை நிரம்பிக் கறுத்திருப்பது எது என்று முதலில் பாருங்கள், நெரிசல் அங்கேதான். அடுத்து, ஒன்றுபோலவே தெரிவது எத்தனை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று எண்ணுங்கள். கடைசியாக, பணம் கேட்கும் ஸ்லைடைத் தேடுங்கள். உடனே விரல் வைக்க முடிகிறதா?

கண்மாய்க்கரை:
5 முதல் 9 வரை ஐந்தும் இடம் அட்டவணை, வலம் படம். 12ஆவதில் நான்கு படங்கள், ஒரே கறுப்புக் கட்டி. பணம் கேட்பது 16ஆவது, அதை எண்ணித்தான் கண்டுபிடித்தேன். அதுவும் அட்டவணை!

வடிவக்கோடு:
அப்போது 16இல் அட்டவணையை எடுத்துவிட்டு, தேவைப்படும் தொகையும் இரண்டு கண்மாய்களின் பெயரும் மட்டும், சுற்றி வெற்றிடம். செலவு விவரத்தை 17க்குத் தள்ளுங்கள். 12இல் ஒரே படம் போதும், தூர்வாரும் முன் எடுத்ததா பின் எடுத்ததா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஐந்து ஸ்லைடு ஒன்றுபோல் இருப்பதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஒரே வகைத் தகவல் ஒரே இடத்தில் வருவது பார்ப்பவருக்கு வசதி.

மல்லிகா_அச்சகம்:
அதில் நான் ஒத்துப்போகவில்லை. ஐந்திலும் எடை இடப்பக்கமே சாய்ந்திருந்தால் பார்ப்பவர் மூன்றாவதிலேயே சோர்ந்துவிடுவார். நடுவில் ஒன்றிலாவது படத்தை முழு அகலத்துக்கு விடுங்கள் தங்கச்சி. இன்னொன்று, தமிழ் எழுத்தைத் தடிமனாக்கும்போது ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ஸ்லைடு தேவைக்கு மேல் கறுக்கும். இரண்டு வரிக்கும் கொஞ்சம் வரி இடைவெளி கூட்டுங்கள்.

கண்மாய்க்கரை:
16 இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது, நன்றி! மல்லிகா அக்கா, 7ஐ முழு அகலப் படமாக்கினால் அட்டவணை போய்விடும், அதனால் 8இல் முயன்றேன். உபரிநீர் வழியும் கலுங்கின் படம், நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணைச் சுருக்கினால் கலுங்கு தெரியவில்லை, மேலே உள்ள வெள்ளை வானம்தான் இழுக்கிறது.

வடிவக்கோடு:
வானத்தைப் பாதிக்கு மேல் வெட்டுங்கள். இருட்டுப் படத்தில் வெளிச்சத் திட்டும் ஜெயிக்கும்.

கண்மாய்க்கரை:
வெட்டினேன், கலுங்கின் கல் இப்போது முன்னே வந்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. மூன்று சின்னங்களும் எல்லா ஸ்லைடிலும் இருக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பட்டை போனபின் வெள்ளைமேல் அவை இன்னும் துருத்துகின்றன. சிறியதாக்கிப் பார்த்தேன், மூன்றாவதாக வந்துவிடுகின்றன. இப்படிக் கட்டாயச் சின்னங்களோடு வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?