ரேஷன் இருப்புத் திரைப்பிடிப்பை வைத்து நம்ம பாக்கி எவ்வளவுன்னு கணக்குப் போட்ட அனுபவங்கள்

வாசல்திண்ணை: கடை இருப்பைத் திரையில் பார்த்து எடுத்த படம் கையில் இருக்கு. தேதி 18, நேரம் காலை 10.40. புழுங்கல் அரிசி 385.000, பச்சரிசி 0.000, சர்க்கரை 14.500, கோதுமை 60.000, து.பருப்பு 3.000. அட்டை PHH, அதாவது முன்னுரிமைக் குடும்ப அட்டை; பேர் அஞ்சு. மாவட்டத் தலைநகரம் இல்லை, உள்ளூர்க் கிராமம். 6-ஆம் தேதி வாங்கினது 15 கிலோ புழுங்கல் அரிசியும் 1 கிலோ சர்க்கரையும். அரிசியில மீதி கேட்டப்போ "இருப்பு இல்ல, அப்புறம் வாங்க"ன்னு பதில். இன்னும் எவ்வளவு வரணும்? இதே மாதிரி கணக்குப் போட்டவங்க எப்படிப் போட்டீங்கன்னு எழுதுங்க.

கோதுமைமாவு: சுலபம்தான். தலைக்கு 5 கிலோன்னா அரிசி 25. கோதுமை 5. மொத்தம் 30. வாங்கினது 15. பாக்கி 15. சர்க்கரை தலைக்கு அரைக் கிலோ, அஞ்சு பேருக்கு 2.5 கிலோ, பாக்கி 1.5. நாங்க இப்படித்தான் ஒவ்வொரு மாசமும் போட்டுப் பாக்குறோம்.

பழையகணக்கர்: கோதுமைமாவு, தலைக்கு 5 கிலோங்கிறதும் அரைக் கிலோங்கிறதும் சரி. கூட்டின இடத்துல ரெண்டு தப்பு இருக்கு. ரெண்டும் எல்லாரும் பண்றதுதான்.

முதல்ல கோதுமை. அது அரிசிக்கு மேல கிடைக்கிற பொருள் இல்ல. அரிசிக்குப் பதிலா எடுத்துக்குறது. எடுத்த அளவுக்கு அரிசி குறையும். சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்கள்லயும் 10 கிலோ வரைக்கும், மத்த இடங்கள்ல 5 கிலோ வரைக்கும். அதனால தானியத்துக்கு ஒரே தொகைதான், 25. புழுங்கல், பச்சரிசி, கோதுமை மூணும் அந்த 25-க்குள்ள அடங்கணும். திரையில மூணும் தனித்தனி வரியா இருக்கிறதால மூணு தனி உரிமைன்னு மனசுல பதிஞ்சிடுது.

அடுத்து சர்க்கரை. தலைக்கு 500 கிராம், ஆனா குடும்பத்துக்கு உச்சம் 2 கிலோ. நாலு பேரோட அது முடிஞ்சிடுது. அஞ்சாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் சர்க்கரை கூடாது. 2.5 இல்ல, 2.

திண்ணைக்காரர் கணக்கு: தானியம் 25-ல 15 போக 10. சர்க்கரை 2-ல 1 போக 1. அந்த 10 கிலோவை 10 கிலோ அரிசியாவே எடுக்கலாம், இல்லேன்னா 5 அரிசி, 5 கோதுமையா எடுக்கலாம். கோதுமை 60 கிலோ இருப்பு காட்டுதுன்னா இன்னிக்கே கேட்டுப் பாருங்க.

காசு கணக்கும் இதுல சின்னதாத்தான் வரும். அரிசிக்குக் காசு இல்ல. சர்க்கரை கிலோ 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு மட்டும் 13.50. பாக்கி 1 கிலோவுக்கு 25 ரூபாய் கொண்டு போனா போதும்.

கோதுமைமாவு: அப்போ ரெண்டு வருஷமா "பாக்கி"ன்னு நினைச்சது பாக்கியே இல்லையா! சரி, ஆனா 4 பேர் வீட்டுக்கும் 3 பேர் வீட்டுக்கும் ஒரே 20 கிலோ தர்றாங்களே, அது எப்படி? நாலு பேருக்கு அஞ்சு பேருக்கு இருக்கிற மாதிரி ஏறணும்ல.

பழையகணக்கர்: 2016 நவம்பர்ல உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்க நடைமுறைக்கு வந்தப்போ, அதுக்கு முன்னாடி வாங்கிக்கிட்டிருந்த அளவு யாருக்கும் குறையக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டாங்க. அதனால PHH-ல ஒரு ஆள் 12, ரெண்டு ஆள் 16, மூணு ஆள் 20. தலைக்கு 5-ங்கிறது அதைவிட அதிகமாகறப்பதான் அது ஓடும். நாலு பேருக்கு ரெண்டு வழியிலயும் 20. அஞ்சு பேர்லதான் 25 ஆகுது, ஆறு பேர்ல 30. முன்னுரிமை இல்லாத NPHH அட்டைன்னா அஞ்சு பேர் இருந்தாலும் 20-தான் மேல் வரம்பு. அட்டையோட எழுத்தைப் பார்க்காம கணக்கை ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்றது அதனால. அந்தியோதயாவுக்கு ஆள் எண்ணிக்கையே வேண்டாம், குடும்பத்துக்கு 35.

அஞ்சல்வீதி: எங்க அட்டை NPHH-S. ரெண்டு பேர். இருப்புப் படத்துல அரிசி 385 இருக்கு, எங்களுக்கு ஒரு கிலோ கூட தர மாட்டேங்கிறாங்க. இது எப்படி நியாயம்? எங்க பாக்கி 16 கிலோவா 20 கிலோவா?

பழையகணக்கர்: ரெண்டுமில்ல, உங்களுக்கு அரிசி பூஜ்யம். அது சர்க்கரை அட்டை. அரிசியை விட்டுட்டு அதுக்குப் பதிலா 3 கிலோ சர்க்கரை கூடுதலா வாங்குறோம்னு எடுக்குறதுதான் அது. ரெண்டு பேருக்கு வழக்கமா 1 கிலோ, அதோட 3 சேர்த்து 4 கிலோ உங்க உரிமை. அதுல எவ்வளவு வாங்கலையோ அதுதான் உங்க பாக்கி.

அஞ்சல்வீதி: நாங்க அரிசி விரும்பல, ஆனா கடையில 385 கிலோ சும்மா கிடக்கறதைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது.

முன்னாள்எடையாளர்: சும்மா கிடக்கல. இருப்புங்கிறது கடைக்குள்ள இருக்கிறது, உங்க வீட்டுக்குன்னு ஒதுக்கினது இல்ல. திண்ணைக்காரர் பலகையையும் பாத்துட்டு வந்து இன்னும் ரெண்டு எண் சொல்லணும்: கடையில மொத்தம் எத்தனை அட்டை, இந்த மாசம் இதுவரைக்கும் எத்தனை பில் ஆச்சு.

வாசல்திண்ணை: கேட்டுட்டு வந்தேன். அரிசி வாங்குற அட்டை 640. 470 பேருக்கு முடிஞ்சதுன்னு சொன்னாங்க.

முன்னாள்எடையாளர்: அப்போ வரணும்னு இருக்கிறவங்க 170 அட்டை. உங்களை மாதிரி பாதி வாங்கினவங்களைக் கூட அதுல சேர்க்கல. 385-ஐ 170-ஆல வகுத்தா அட்டைக்கு 2.26 கிலோ. 12 கிலோ கூட வராது. சர்க்கரை 14.5 கிலோ, அட்டைக்கு 85 கிராம், டீக்கடைக் கணக்கு! அதாவது இருக்கிற சரக்கு யாருக்கு முதல்ல போகுதோ அவங்களோட சரி. அரிசி முழுசா வாங்குற வீடு ஒவ்வொண்ணும் 20 கிலோ எடுத்தா 19 வீட்டோட மூட்டை காலி. அடுத்த லாரி வராம மீதி அட்டை போட முடியாது. மாசம் முழுக்க ஒரே தடவையா இறக்க மாட்டாங்க, ரெண்டு மூணு தடவையா வரும்.

இன்னொண்ணு, 385.000-ஐ ஒருத்தர் மூணு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம்னு படிச்சு "பதுக்கல்"னு பரப்பினதைப் பார்த்திருக்கேன். புள்ளிக்குப் பின்னாடி மூணு இடம் கிராமுக்கு. 14.500 என்பது பதினாலரைக் கிலோ.

கோதுமைமாவு: ஆனா கோதுமை 60 இருக்கே, அதை "இல்ல"ன்னு சொன்னாங்கன்னா அது பொய்தானே?

முன்னாள்எடையாளர்: பொய்யா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திரையில வர்ற எண் பில் போடுற கருவியிலிருந்து போறது. சிக்னல் இல்லாம கருவி தகவலை அனுப்பலேன்னா, விற்ற பொருளும் இருப்பாவே காட்டும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: லாரி இறக்கின மூட்டையைக் கருவியில வரவா ஏத்துக்கிற வரைக்கும் திரையில பழைய எண்ணே நிற்கும். கடை முன்னாடி மூட்டை அடுக்கியிருக்கும், படத்துல பூஜ்யம். அதனால எண்ணோட தேதியையும் நேரத்தையும் சேர்த்துப் படம் பிடிங்க. நேரம் இல்லாத படம் தகராறுக்கு உதவாது. காலையில ஒண்ணு, கடை மூடின பிறகு ஒண்ணு, மறுநாள் ஒண்ணு எடுத்தா, 60 அசையவே இல்லையா, விற்கவே இல்லையான்னு தெரியும். மூணு நாள் அசையாம 60.000-ன்னே நின்னா கேள்வி கேக்கலாம்.

பழையகணக்கர்: "பாக்கி"ன்னு ஒரே வார்த்தையில மூணு வேற விஷயத்தை எல்லாரும் சொல்றோம். திண்ணைக்காரர் 10 கிலோ, பில்லே போடாத பாக்கி. அது மாசக் கடைசிக்குள்ள வாங்கிடணும், வாங்கலேன்னா வழக்கமா அடுத்த மாசத்துக்கு உருளாது. அரசாங்கம் தனியா அறிவிச்சா மட்டும் உருளும்.

வேற வகை, பில்லுல 25 போட்டு கையில 20 குடுக்கறது. அதை இருப்புப் படம் காட்டிக் குடுக்காது, ஏன்னா இருப்புல இருந்து 25 கழிஞ்சிருக்கும். அதுக்கு உங்க பதிவு எண்ணுக்கு வர்ற குறுஞ்செய்திதான் சாட்சி. பொருள் வாங்கின இடத்துலயே அந்தச் செய்தியைத் திறந்து அளவைப் பாருங்க. வீட்டுக்கு வந்து பாத்தா "இங்க எடை சரியாத்தான் இருந்துச்சு"ம்பாங்க.

மூணாவது, வாங்காதவங்களுக்கே பில் வர்றது. செய்தி வந்தும் நீங்க கடைக்கே போகலேன்னா அது இது. அன்னிக்கே 1967-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க. வட்ட வழங்கல் அலுவலகத்துல எழுதிக் குடுக்கலாம், மாசம் ரெண்டாவது சனிக்கிழமை நடக்குற குறைதீர் முகாமிலயும் குடுக்கலாம்.

அஞ்சல்வீதி: குடுத்தா என்ன ஆகும்? அரிசி வீட்டுக்கு வருமா?

பழையகணக்கர்: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 8-ஆவது பிரிவு, சட்டப்படி வரவேண்டிய தானியம் தரலேன்னா மாநில அரசு அதுக்கு ஈடா படித்தொகை தரணும்னு சொல்லுது. PHH, அந்தியோதயா அட்டைகளுக்குத்தான் பொருந்தும். தானியத்துக்கு மட்டும்தான், சர்க்கரைக்கு இல்ல. நீங்களே கடைக்குப் போகாம விட்டா கேக்க முடியாது. போனேன், தரலங்கிறதுக்கு ஆதாரமா தேதி, நேரத்தோட இருக்கிற திரைப்பிடிப்பு இங்கதான் உதவும். வழக்கமா அந்த இடம் வரைக்கும் போறதுக்கு முன்னாடி அடுத்த லாரி வந்துடுது, அதனால கடைக்காரங்களும் "வாங்க, போட்டுடலாம்"ன்னு முடிச்சுடுறாங்க.

வாசல்திண்ணை: இன்னொரு சந்தேகம். அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு வயசு நாலு. பழைய நாள்ல சின்னப் பிள்ளைக்கு அரை யூனிட்னு சொல்வாங்களே, அதை வச்சா 25-ல குறையுமா?

முன்னாள்எடையாளர்: PHH-ல பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே 5 கிலோ. குறையாது.

கோதுமைமாவு: எங்க சித்தப்பா வீட்டுல NPHH, ரெண்டு பெரியவங்களும் ஒரு கைக்குழந்தையும். கருவியில 16-தான் காட்டுது. மூணு ஆள்னா 20 இல்லையா?

முன்னாள்எடையாளர்: முதல்ல அட்டைப் பக்கத்துல அந்தப் பிள்ளையோட பேர் ஏறியிருக்கான்னு பாருங்க. பேர் ஏறலேன்னா மூணு ஆள்னு நீங்கதான் எண்ணிக்கிட்டிருப்பீங்க, கருவி ரெண்டுன்னுதான் எண்ணும்.

கோதுமைமாவு: பேர் ஏத்தி ஆறு மாசம் ஆச்சு. அட்டையில மூணு பேரும் அச்சாயிருக்கு.

பழையகணக்கர்: அப்போ அரை யூனிட் எண்ணம் எங்கேயாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னுதான் பாக்கணும். tnpds.gov.in-ல அட்டையைத் திறந்து இந்த மாச ஒதுக்கீட்டைப் பாத்து, கடைக் கருவியில காட்டுற எண்ணோட சேர்த்துப் போடுங்க. ரெண்டும் 16-ன்னா அலுவலகத்துல கேக்கணும், ரெண்டும் வேற வேறன்னா கடையில கேக்கணும்.

கோதுமைமாவு: சனிக்கிழமை பாத்துட்டு போடறேன். அன்னிக்கு சித்தப்பா கடை மதியம் மேல மூடிடும்.